வளைவு வேண்டாம் பிள்ளைகளா, பத்து பியூரெட் வாங்குங்க



போன ஞாயிற்றுக்கிழமை நம்ம பசங்க இரண்டு பேர் போன் போட்டாங்க. ஒருத்தன் சென்னையில் இருந்து, ஒருத்தன் மஸ்கட்டில் இருந்து. "டீச்சர், நாங்க படிச்ச மேல்நிலைப் பள்ளிக்கு நுழைவு வளைவு கட்டலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். நீங்க நாலு வரி எழுதி உங்க பக்கத்துல போட்டீங்கன்னா எல்லாரும் பணம் போடுவாங்க" என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்துவிட்டேன். இதுதான் என் நாலு வரி. கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வளைவுக்கு நான் எழுத மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

அந்தப் போன் வருவதற்கு மூன்று நாள் முன்னால், சாயங்காலம் நல்ல சாரல். எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெண்பிள்ளை குடையை மடக்கிக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். அதே பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு, அறிவியல் பிரிவு. பள்ளி வேதியியல் மன்றத்தில் உறுப்பினர். பள்ளியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. தெரிந்தவர்களும் கமென்டில் போட வேண்டாம். இது ஒரு பள்ளியின் கதை மட்டும் இல்லை.

"ஆச்சி, தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கேன். தமிழ் சரியா இருக்கான்னு பாருங்க" என்று தாளை நீட்டினாள்.

நான் டீச்சர் இல்லையா, உடனே சிவப்புப் பேனாவை எடுத்துவிட்டேன். "ஏழை எளிய மாணவர்களாகிய எங்களுக்கு", "தாழ்மையுடன்", "தங்கள் பொற்பாதம்" என்று அங்கங்கே சேர்த்துக் கொடுத்தேன். அவள் படித்துப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் அடித்தாள். "இதெல்லாம் வேண்டாம் ஆச்சி. கணக்கு இருக்குல்ல, அது போதும்" என்றாள். கடைசியில் போன கடிதம் இதுதான். அவள் சம்மதத்தோடுதான் இங்கே போடுகிறேன்.

"மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

நம் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியல் படிப்பவர்கள் 38 பேர். ஆய்வகத்தில் வேலை செய்யும் பியூரெட் ஒன்று இருக்கிறது. மற்ற மூன்றில் இரண்டுக்கு முனை உடைந்திருக்கிறது, ஒன்றில் திருகு குழாய் ஒட்டிக்கொண்டு சுற்ற மறுக்கிறது. 19 பேர் கொண்ட இரண்டு குழுவாகப் பிரிந்து, இரண்டு பேருக்கு ஒரு பியூரெட் என்று செய்தால் 10 பியூரெட் போதும்.

தேவைப்படுபவை: டெஃப்ளான் குழாய் வைத்த 50 மி.லி. பியூரெட் 10, ரூ. 4,500. 20 மி.லி. பிப்பெட் 10, ரூ. 1,200. பிப்பெட்டுக்கு ரப்பர் பல்ப் 5, ரூ. 500. 250 மி.லி. கூம்புக் குடுவை 20, ரூ. 2,200. ஒரு லிட்டர் திட்டக் குடுவை 2, ரூ. 1,000. கண் பாதுகாப்புக் கண்ணாடி 20, ரூ. 1,200. பொட்டாசியம் பெர்மாங்கனேட் 500 கிராம், ரூ. 450. ஆக்சாலிக் அமிலம் 500 கிராம், ரூ. 350. அடர் கந்தக அமிலம் 2.5 லிட்டர், ரூ. 900. மொத்தம் ரூ. 12,300. விலை கடையில் கேட்டு எழுதியது.

ஸ்பிரிட் விளக்கு நம்மிடம் இருக்கிறது. தராசை இயற்பியல் ஆய்வகத்தில் கேட்டு வாங்கிக்கொள்கிறோம். உடைந்தவற்றை மன்றத்தின் சார்பில் நோட்டில் எழுதி மாதந்தோறும் காட்டுகிறோம்.

இப்படிக்கு, வேதியியல் மன்ற உறுப்பினர்."

நான்கு நாளில் கடிதம் திரும்பி வந்தது. ஓரத்தில் இரண்டு வரி: "நிதி இல்லை. செய்முறையை ஸ்மார்ட் போர்டில் காணொளியாகக் காட்டவும்."

ஸ்மார்ட் போர்டு யார் வாங்கிக் கொடுத்தது தெரியுமா? நீங்கள்தான். போன வருடம் உங்கள் பேட்ச்தான் வாங்கிக் கொடுத்தது. நானும் அந்த விழாவில் பொன்னாடை போர்த்திக்கொண்டு நின்றேன்.

சரி, காணொளி பார்த்தால் என்ன குறை என்று கேட்பீர்கள். பிள்ளைகளுக்கு மார்க் வந்துவிடுகிறதே என்பீர்கள். அதற்குத்தான் வருகிறேன். கொஞ்சம் வேதியியல் சொல்கிறேன். பயப்பட வேண்டாம்.

நான் 1980-இல், பிளஸ் டூ வந்த புதிதில், முதல் பேட்சில் பரீட்சை எழுதியவள். அதன் பிறகுதான் ஆசிரியர் பயிற்சி. நடுநிலைப் பள்ளியில்தான் வேலை பார்த்தேன். ஆனால் பெர்மாங்கனேட் தரம்பார்த்தல் எனக்கு இன்றும் மறக்கவில்லை. விரல் நகம் பழுப்பேறிப் போய், அம்மா மருதாணியா என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது.

செய்முறை இதுதான். 6.3 கிராம் ஆக்சாலிக் அமிலத்தைத் துல்லியமாக நிறுத்து, ஒரு லிட்டர் திட்டக் குடுவையில் கரைத்து, கோடு வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். இது நமக்கு வலிமை தெரிந்த கரைசல். அதில் 20 மி.லி. பிப்பெட்டில் எடுத்துக் கூம்புக் குடுவையில் விட்டு, அதே அளவு நீர்த்த கந்தக அமிலம் சேர்த்து, 60, 70 டிகிரிக்குச் சூடாக்க வேண்டும். குடுவையைக் கையால் பிடிக்க முடியாத சூடு, ஆனால் கொதிக்கக் கூடாது. பிறகு பியூரெட்டில் இருந்து ஊதா நிறப் பெர்மாங்கனேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும்.

இங்கேதான் வேடிக்கை. முதல் சொட்டு விழுந்ததும் நிறம் போகாது. இளஞ்சிவப்பாக அப்படியே நிற்கும். தெரியாத பிள்ளை "முடிஞ்சிருச்சு டீச்சர்" என்று கத்தும். முடியவில்லை. கொஞ்சம் ஆட்டிப் பொறுத்தால் மெல்ல மறையும். அடுத்த சொட்டு சீக்கிரம் மறையும், அதற்கடுத்தது இன்னும் சீக்கிரம். வினையில் உண்டாகும் மாங்கனீசு அயனியே அடுத்தடுத்த வினையை விரைவுபடுத்துகிறது. தான் பெற்ற பிள்ளையே தனக்குத் துணைக்கு வருவது மாதிரி. கடைசியில் ஒரே ஒரு சொட்டில் குடுவை முழுக்க வெளிறிய ரோஜா நிறம் வந்து, அரை நிமிடம் மாறாமல் நிற்கும். அதுதான் முடிவு.

சில நேரம் ரோஜா நிறம் வராது. கலங்கலாகப் பழுப்பு வரும், குழம்பிய காப்பித் தண்ணீர் மாதிரி. அப்படி வந்தால் கந்தக அமிலம் போதவில்லை என்று அர்த்தம். பெர்மாங்கனேட் பாதி வழியில் நின்று மாங்கனீசு டை ஆக்சைடாகப் படிகிறது. சூடு குறைந்துபோனாலும், அவசரப்பட்டுக் கொட்டினாலும் இதே கலங்கல் வரும். அந்தக் குடுவையைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். கந்தக அமிலத்துக்குப் பதில் கையில் கிடைத்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் அதுவும் தப்பு. அதில் உள்ள குளோரைடும் பெர்மாங்கனேட்டைச் சாப்பிடும், கணக்கு கூடிப்போகும்.

காணொளியில் இது எதுவும் வராது. அதில் தப்பு நடப்பதே இல்லையே! பழுப்புக் கலங்கலைத் தன் கையால் ஒரு தடவை உண்டாக்கிப் பார்த்த பிள்ளைதான் அமிலம் எதற்கு என்று தெரிந்துகொள்ளும்.

இப்போது அந்தப் பெண் என்னிடம் காட்டிய இன்னொரு விஷயத்தைச் சொல்கிறேன். எனக்கு உண்மையிலேயே தலையில் அடித்த மாதிரி இருந்தது அதுதான்.

அவள் தன் ரெக்கார்டு நோட்டைக் கொண்டுவந்திருந்தாள். கூடவே அவள் அக்காவின் நோட்டு, அக்காவின் தோழி நோட்டு. மூன்று வெவ்வேறு வருடத்து நோட்டுகள். மூன்றிலும் பெர்மாங்கனேட் அளவு 20.4 மி.லி. முதல் முறை 20.4, இரண்டாம் முறை 20.4, மூன்றாம் முறை 20.4. மூன்றிலும் டீச்சரின் பச்சை மை "சரி".

"இதுல என்ன தப்பு?" என்று கேட்டேன்.

"ஆச்சி, பெர்மாங்கனேட்டைப் புதுசா ஒவ்வொரு தடவை கரைக்கும்போதும் வலிமை கொஞ்சம் மாறும்ல? தண்ணில இருக்கிற அழுக்கோட சேர்ந்தே அது கொஞ்சம் குறைஞ்சிரும். அதனாலதானே அதை ஒவ்வொரு தடவையும் தரம் பார்த்துத்தான் பயன்படுத்தணும்னு புத்தகத்துல இருக்கு. அப்புறம் எப்படி மூணு வருஷமும் 20.4 வரும்?"

எவ்வளவு சரியான கேள்வி! உப்பைப் போல நிறுத்துக் கரைத்ததும் இவ்வளவுதான் வலிமை என்று சொல்லிவிட முடியாத பொருள் பெர்மாங்கனேட். அதனால்தான் அந்தச் செய்முறையே இருக்கிறது. எனவே ஒரு பள்ளியில் வருடா வருடம் ஒரே எண் வந்தால், அங்கே யாரும் பியூரெட்டைத் தொடவில்லை என்று அந்த எண்ணே சாட்சி சொல்கிறது. அக்கா நோட்டைப் பார்த்துத் தங்கை எழுதுகிறாள். தங்கை நோட்டைப் பார்த்து அடுத்த வருடத்துப் பிள்ளை எழுதும்.

உங்கள் நோட்டுகளையும் பரணில் இருந்து எடுத்துப் பாருங்கள். என்ன எண் இருக்கிறது என்று எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். சிரிக்க மாட்டேன்.

இப்படி நடக்கக் காரணம் என்ன? நம் மாநிலப் பாடத்திட்டத்தில் வேதியியலுக்கு 100 மார்க். எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்துத் தேர்வில் பிள்ளையின் உழைப்புத் தெரிந்துவிடும். மீதி 30 மார்க்கும் பள்ளிக்குள்ளேயே முடிவாகிறது. இன்ஜினியரிங் கட்-ஆஃபில் அரை மார்க்குக்கு அடித்துக்கொள்ளும் காலத்தில் எந்த ஆசிரியருக்கு மார்க் குறைக்க மனசு வரும்? நானாக இருந்தாலும் குறைத்திருக்க மாட்டேன். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். கண்ணாடிச் சாமான் இருந்தாலும் முழு மார்க், இல்லாவிட்டாலும் முழு மார்க். அப்படி ஆன பிறகு எந்தத் தலைமை ஆசிரியர் பியூரெட் வாங்குவார்? தண்ணீர்க் குழாய் உடைந்தால் பெற்றோர் கேட்பார்கள். பியூரெட் உடைந்தால் கேட்க ஆளில்லை. 38 பேரில் ஒரு பெண் கேட்டிருக்கிறாள். அவளுக்கு இரண்டு வரி பதில்.

பணம் இல்லை என்ற பதிலையும் பார்த்துவிடுவோம். நியாயமாகவே பார்ப்போம்.

அரசுப் பள்ளிகளுக்கு சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் என்று ஒன்று உண்டு. மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து அளவு மாறும். 250-க்கு மேல் 1,000 வரை பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 75,000 ரூபாய் என்பது அந்தத் திட்டத்தின் வழிகாட்டுதல். எதற்கெல்லாம் செலவழிக்கலாம் என்ற பட்டியலில் மின்கட்டணம், தண்ணீர், விளையாட்டுச் சாமான் இவற்றோடு ஆய்வகமும் இருக்கிறது. அதாவது, பியூரெட் வாங்க விதி தடையாக இல்லை.

ஆனால் அந்தப் பணம் எப்படிக் கரையும் என்பதும் எனக்குத் தெரியும். பல வருடம் பள்ளிக் கணக்கு எழுதியவள் நான். பத்தில் ஒரு பங்கு சுகாதாரத்துக்குப் போகும். மின்கட்டணம், சாக்பீஸ், பதிவேடுகள், அச்சுக் காகிதம், மோட்டார் ரிப்பேர் என்று மீதி போகும். பணமும் நேரத்துக்கு வராது. 2024-25-இல் ஒன்றிய அரசு அந்தத் திட்டத்தின் நிதியையே தமிழ்நாட்டுக்கு நிறுத்தி வைத்தது. அதனால் தலைமை ஆசிரியர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் மேஜையில் நாற்பது செலவு நிற்கிறது. அதில் கேட்க ஆள் உள்ள செலவுக்குத்தான் பணம் போகும். பணம் ஒழுங்காக வந்த வருடங்களிலும் அந்த ஆய்வகத்துக்கு பியூரெட் வரவில்லையே, அதை யோசியுங்கள்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்றும் சொல்ல மாட்டேன். 2022 நவம்பரில் திருச்சியில் வானவில் மன்றம் தொடங்கினார்கள். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பிள்ளைகளுக்குச் சோதனை செய்து காட்டும் திட்டம். நல்ல திட்டம். ஆனால் எட்டோடு நின்றுவிடுகிறது. இன்னொரு பக்கம் மத்திய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகம். தேர்வான பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை. முப்பரிமாண அச்சு இயந்திரம், ரோபோ சாமான்கள் எல்லாம் வாங்கலாம். அதுவும் இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவில், பாடப்புத்தகத்தில் உள்ள சாதாரணச் செய்முறையைச் செய்ய ஒரு கண்ணாடிக் குழாய் கேட்கும் பிள்ளைக்கு வழி இல்லை. புதிதாக ஒன்றைத் தொடங்கினால் விழா எடுக்கலாம். உடைந்ததை மாற்றினால் யார் ரிப்பன் வெட்டுவார்கள்?

நம் வளைவும் அதே ஜாதிதான் பிள்ளைகளா. கோபப்படாதீர்கள். வளைவில் பேட்ச் பெயர் பொறிக்கலாம். பியூரெட்டில் பெயர் பொறிக்க இடம் இல்லை.

அந்தப் பெண்ணின் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். நான் உட்கார்ந்து சரிபார்த்தேன். ஒரு பிள்ளை ஒரு தடவை முழுச் செய்முறையும் செய்ய, கழுவுவதோடு சேர்த்து 150 மி.லி. பெர்மாங்கனேட் கரைசல் என்று வைத்திருக்கிறாள். 38 பேருக்கு 5.7 லிட்டர். லிட்டருக்கு 3.16 கிராம் வீதம், மொத்தம் 18 கிராம். அப்படியானால் 500 கிராம் பாட்டில் ஒன்று வகுப்பு முழுவதும் 27 முறை செய்யப் போதும். 450 ரூபாய்க்கு!

ஆக்சாலிக் அமிலம் ஏன் கேட்டாள், மோர் உப்பு ஏன் கேட்கவில்லை என்று நான் கேட்டேன். (மோர் உப்பு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். மோரில் போடும் உப்பு இல்லை. மோர் என்பது ஜெர்மனி தேசத்து வேதியியலாளர் ஒருவரின் பெயர்.) மோர் உப்பு லிட்டருக்கு 39.2 கிராம் வேண்டும். வகுப்புக்கு ஒரு முறைக்கு 223 கிராம். 500 கிராம் பாட்டில் இரண்டே முறையில் தீர்ந்துவிடும். ஆக்சாலிக் அமிலம் லிட்டருக்கு 6.3 கிராம்தான். அதே 500 கிராம் 13 முறை வரும். சூடாக்க வேண்டிய தொல்லை மட்டும்தான் கூடுதல். அதற்கு ஸ்பிரிட் விளக்கு இருக்கிறது. "பரீட்சைக்கு முன்னால ஒரு தடவை மட்டும் மோர் உப்புல செஞ்சா போதும் ஆச்சி, அதுக்கு லேப்ல கொஞ்சம் இருக்கு" என்றாள். பதினேழு வயசுப் பிள்ளை குடும்பம் நடத்துகிற மாதிரி கணக்குப் போட்டிருக்கிறாள்.

டெஃப்ளான் குழாய் என்று ஏன் குறிப்பிட்டாள் என்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தானம் கொடுக்கிறவர்கள் இங்கேதான் தப்பு செய்கிறார்கள். விலை குறைந்த பியூரெட்டில் கீழே ரப்பர் குழாயும் கிளிப்பும் இருக்கும். பெர்மாங்கனேட் ரப்பரை அரித்துவிடும், தானும் கெட்டுவிடும். அதில் இந்தச் செய்முறை செய்ய முடியாது. கண்ணாடித் திருகு குழாய் பெர்மாங்கனேட்டுக்குச் சரி. ஆனால் அதில் சோடியம் ஹைட்ராக்சைடை ஊற்றிக் கழுவாமல் விட்டால் இறுகி ஒட்டிக்கொள்ளும். உடையாமல் இருந்தும் பயன்படாத அந்த மூன்றாவது பியூரெட்டுக்கு அப்படித்தான் ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன். டெஃப்ளான் இரண்டுக்கும் தாங்கும். இது தெரியாமல் "பத்து பியூரெட் அனுப்பியாச்சு டீச்சர்" என்று ரப்பர் குழாய் வைத்ததை அனுப்பிவிடாதீர்கள்.

ஆசிட் ஆபத்து, பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா என்று என் தம்பியே கேட்டான். ஆபத்துதான். ஆசிட் வீச்சு வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டபோது, கல்வி நிலையங்கள் அமிலத்தை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. பயன்பாட்டுக்குப் பதிவேடு, பொறுப்புக்கு ஓர் ஆள். பள்ளியில் அமிலம் இருக்கும் என்று நீதிமன்றமே எதிர்பார்க்கிறது. அடர் அமிலத்தைத் தண்ணீரில் மெல்ல ஊற்றி நீர்க்கச் செய்வது ஆசிரியர் வேலை. பிள்ளை கைக்கு நீர்த்த அமிலம்தான் போகும். அதற்கும் கண்ணுக்குக் கண்ணாடி கேட்டிருக்கிறாள். பிப்பெட்டை வாயால் உறிஞ்சாமல் இருக்க ரப்பர் பல்ப் கேட்டிருக்கிறாள். நாங்கள் 1980-இல் வாயால்தான் உறிஞ்சினோம். எத்தனை பேர் ஆக்சாலிக் அமிலத்தை விழுங்கித் துப்பினோம் என்று கணக்கில்லை. அது விஷம். இந்தப் பெண் எங்களைவிடப் புத்திசாலி.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லாமல் விட்டால் நான் யோக்கியமாக எழுதியவள் ஆக மாட்டேன்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் அறிவியல் பெட்டி ஒன்று என் பொறுப்பில் இருந்தது. முகவை, சோதனைக் குழாய், அளவு ஜாடி, ஒரு சின்ன நுண்ணோக்கி. இருப்புப் பதிவேட்டில் என் கையெழுத்து. ஒரு முகவை உடைந்தால் யார் உடைத்தது, எப்போது, ஏன் என்று எழுத வேண்டும். ஆய்வுக்கு வருகிறவர் எண்ணிப் பார்ப்பார். அதனால் நான் என்ன செய்தேன்? பெட்டியைப் பூட்டி, சாவியை என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். ஆய்வு நாளில் மட்டும் திறந்து, துடைத்து, அடுக்கி, மறுபடி பூட்டினேன். ஒன்றுகூட உடையவில்லை. "பொருள்களை நன்கு பராமரித்துள்ளார்" என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்போது பெருமையாக இருந்தது.

அந்தப் பெட்டியில் உள்ள சோதனைக் குழாயைத் தொடாமலேயே எட்டாம் வகுப்பு முடித்துப் போனவர்கள் உங்களில் நிறையப் பேர். அது என் தப்பு. யாருடைய உத்தரவும் இல்லை, என் பயம். பயன்படுத்தினால் கண்ணாடி உடையத்தான் செய்யும். உடையாத ஆய்வகம் என்றால் அது பூட்டிய ஆய்வகம். அந்தப் பெண் தன் கடிதத்தில் "உடைந்தவற்றை நோட்டில் எழுதி மாதந்தோறும் காட்டுகிறோம்" என்று எழுதியிருந்தாளே, அந்த ஒரு வரியை நான் அன்றைக்கு எழுதியிருந்தால் போதும்.

இப்போது என்ன செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். பணத்தைப் பற்றி முதலில் பேசாதீர்கள். உள்ளூரில் இருக்கிறவர்கள், அதிலும் அங்கே பிள்ளை படிக்கிறவர்கள், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள். அந்தக் கடிதத்தை அஜெண்டாவில் வைக்கச் சொல்லுங்கள். கூட்டத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். மானியத்தில் ஆய்வகத்துக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று தீர்மானம் எழுதச் சொல்லுங்கள். 1,700 ரூபாய்தான் மருந்துகளுக்கு. கண்ணாடிச் சாமான் வருடா வருடம் வாங்க வேண்டியதில்லை, உடைந்ததை மாற்றினால் போதும். கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தாலே பாதி நிதி வந்துவிடும்.

நீங்கள் மொத்தத்தையும் கொடுத்துவிட்டால் இந்த வருடம் பிள்ளைகள் செய்வார்கள். மூன்று வருடம் கழித்து மறுபடி ஒரே ஒரு பியூரெட்தான் இருக்கும், ரெக்கார்டில் மறுபடி 20.4 இருக்கும். அதனால் இந்த ஒரு தடவை கண்ணாடிச் சாமானை நீங்கள் வாங்குங்கள், அமிலமும் மருந்தும் பள்ளிக் கணக்கில் வாங்கட்டும் என்று பேசுங்கள். இரண்டு கை சேர்ந்தால்தான் நிலைக்கும். என் பங்குக்கு ஒரு மாத ஓய்வூதியத்தில் இருந்து இரண்டு பியூரெட்.

வளைவுக்குச் சேர்த்த பணத்தை என்ன செய்வது என்று கேட்காதீர்கள். அது உங்கள் பணம். மழைக்கு ஒதுங்கக்கூட அந்த வளைவு உதவாது என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அந்தப் பெண் நேற்று மறுபடி வந்தாள். கடிதத்தைப் புதிதாக எழுதியிருக்கிறாள். இந்தத் தடவை மேலாண்மைக் குழுத் தலைவருக்கு. தொகை அதே 12,300. அடியில் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: "எங்கள் ரெக்கார்டில் உள்ள அளவுகள் நாங்கள் எடுத்தவை அல்ல. நாங்களே எடுக்க விரும்புகிறோம்."

நான் சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை.

அடுத்த கூட்டம் வெள்ளிக்கிழமை சாயங்காலம். யார் யார் வருகிறீர்கள் என்று கீழே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், புளியறை